ராக்கெட்டில் இடம் இலவசம், அலைவரிசைக்கு யார் கையெழுத்து?

வளரும் நாடு ஒன்றின் கல்வி நிறுவனமோ ஆராய்ச்சி நிறுவனமோ கியூப்சாட் எனப்படும் சிறிய பெட்டி வடிவச் செயற்கைக்கோள் ஒன்றைக் கட்டிக் கொடுத்தால், அதைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஏற்றிச் சென்று, அங்குள்ள ஜப்பானிய ஆய்வகமான கிபோவிலிருந்து காசு வாங்காமல் விண்ணில் விடுவார்கள். இதுதான் கிபோகியூப் திட்டம். ஐ.நா.வின் விண்வெளி விவகார அலுவலகமும் ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்சாவும் 2015 முதல் இதை நடத்திவருகின்றன. நைரோபி பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் 2018 மே மாதம் இந்த வழியில்தான் பறந்தது. குவாத்தமாலா மாணவர்களின் கெட்சால்-1 2020 ஏப்ரலில் விடப்பட்டது. பின்னணி இவ்வளவு போதும்.

"இலவசம்" என்ற சொல் எதுவரை செல்லும் என்பதை முதலில் பாருங்கள். ஏவுவதும் விண்வெளி நிலையத்திலிருந்து விடுவதும் மட்டுமே இலவசம். பாகங்கள், அதிர்வுச் சோதனை, ஜப்பானுக்குக் கொண்டுபோய் ஒப்படைப்பது, தரை நிலையம், அலைவரிசை உரிமம் எல்லாம் உங்கள் பொறுப்பு. விண்ணப்பிப்பதும் மாணவர் சங்கமோ பேராசிரியர் தனியாகவோ செய்யும் காரியமல்ல. நிறுவனத்தின் பெயரில்தான் விண்ணப்பம் போகும், நிறுவனத் தலைவர்தான் பொறுப்பேற்க வேண்டும். பதவி மாறும் காலத்தில் அந்தக் கையெழுத்துக்காக அலையாதிருக்க, இப்போதே வாங்கி வைப்பது நல்லது. அழைப்பும் எப்போதும் திறந்திருக்காது, சுற்றுச் சுற்றாகத்தான் வரும்.

நான் பார்த்தவரை குழுக்கள் தடுக்கி விழும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. செயற்கைக்கோள் தயாராகி மேசையில் இருக்கும், அது பேச அலைவரிசை இருக்காது. சட்டகம், பேட்டரி, சூரியத் தகடு எல்லாவற்றையும் ஆர்வத்துடன் செய்பவர்கள் இந்தக் காகிதத்தை மட்டும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காகிதத்துக்கு எந்த மேசையில் போய் நிற்க வேண்டும் என்று எந்த அலுவலகமும் தெளிவாகச் சொல்வதில்லை.

நடைமுறை இதுதான். பெரும்பாலான பல்கலைக்கழகக் குழுக்கள் அமெச்சூர் வானொலிக்கு ஒதுக்கப்பட்ட 435 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் பட்டையைத் தேர்ந்தெடுக்கின்றன. அதில் உங்களுக்கான இடத்தைச் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் ஒருங்கிணைத்துத் தரும். அது உரிமம் அல்ல. உரிமம் தருவது உங்கள் நாட்டின் தொலைத்தொடர்பு ஆணையம். ஜெனீவாவில் உள்ள சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கு, இந்த அலைவரிசையைப் பயன்படுத்தப் போகிறோம் என்ற முன்னறிவிப்பை அனுப்புவதும் அந்த நாட்டு நிர்வாகம்தான். பல்கலைக்கழகம் நேரடியாக அனுப்பினால் அது செல்லாது.

முதல் பொறி: பல்கலைக்கழகம் என்பதால் மட்டும் உங்கள் திட்டம் அமெச்சூர் ஆகிவிடாது. அமெச்சூர் சேவை என்பது பண ஆதாயமில்லாமல் சுயபயிற்சிக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்குமானது. ஒரு நிறுவனம் கேமரா கொடுத்து, படங்கள் தனக்கு மட்டுமே வேண்டும் என்று கேட்டால் அங்கேயே கதை முடிந்தது. பூமிக்கு அனுப்பும் தரவை யாரும் புரிந்துகொள்ள முடியாதபடி மறைகுறியாக்கவும் கூடாது. செயற்கைக்கோளுக்குப் போகும் கட்டளைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஹாம் எனப்படும் மற்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள் கேட்டுப் படிக்கும்படி தரவு வடிவத்தை வெளியிட வேண்டும். இதைப் பார்க்காமல் வானொலிப் பெட்டியை வாங்கிவிட்டுப் பிறகு வேறு பட்டைக்குப் போனால் ஆன்டெனாவும் மாறும். 436 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர், 145.9 மெகாஹெர்ட்ஸுக்கு 51. பத்து சென்டிமீட்டர் பெட்டிக்குள் மடக்கி வைக்கும் வேலை முழுக்க மறுபடியும் தொடங்கும்.

இரண்டாவது பொறி சுற்றலில் விடுவது. தொலைத்தொடர்பு ஆணையம், "அமெச்சூர் பிரிவைப் பாருங்கள்" என்று சொல்லும். அமெச்சூர் பிரிவு, "நாங்கள் தனிநபருக்குத்தான் உரிமம் தருவோம்" என்று சொல்லும். அறிவியல் அமைச்சகம், "ஏவுதல் ஒப்பந்தத்தைக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லும். ஏவுபவரோ, "உரிமம் எங்கே?" என்று கேட்பார். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் வேலையும் செய்யவில்லை. இதிலிருந்து வெளிவர இரண்டு காரியங்கள் உதவும். ஒன்று, குழுவில் ஹாம் உரிமம் உள்ள ஒருவரை முதல் நாளே பொறுப்பாளராக எழுத்தில் நியமியுங்கள். மற்றொன்று, கிபோகியூப் திட்டத்துக்குத் தேர்வானதாகக் கடிதம் வந்த அன்றே அதன் நகலை இணைத்து, முன்னறிவிப்பை அனுப்பக் கோரும் கடிதத்தை ஆணையத்தில் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாக "பார்க்கிறோம்" என்று சொன்னதைத் தேதியாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். செயற்கைக்கோளை 2028 ஜூனில் ஒப்படைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது உரிமம் கையில் இருக்க வேண்டும். முன்னறிவிப்பு ஜெனீவாவில் வெளியான பிறகு மற்ற நாடுகள் கருத்துச் சொல்ல 4 மாதம் உண்டு. அதற்கு முன் அமெச்சூர் ஒன்றியத்தின் ஒருங்கிணைப்பு, உங்கள் ஆணையத்தின் உள்கோப்பு, வெளியீட்டுக்கான சரிபார்ப்பு ஒவ்வொன்றும் மாதங்களைத் தின்னும். பயன்பாட்டுக்கு வருவதற்கு 2 ஆண்டுகளுக்குக் குறையாமல் முன்னறிவிப்பு வருவதே விரும்பத்தக்கது என்று சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிமுறைகளே சொல்கின்றன. ஆக 2026 கோடையில், மின்சுற்றுப் பலகை இன்னும் வரைபடமாக இருக்கும்போதே, கோப்பு நகர்ந்திருக்க வேண்டும். சுற்றுப்பாதை விவரமும் அதில் சேரும்: விண்வெளி நிலையத்திலிருந்து விட்டால் சுமார் 400 கிலோமீட்டர் உயரம், 51.6 டிகிரி சாய்வு. இடையில் வேறு ராக்கெட்டுக்கு மாறினால் இந்த எண்கள் மாறும், திருத்தக் கோப்பு ஒன்று கூடுதலாக வேண்டும். மாறுவதென்றால் சீக்கிரமே மாறிவிடுங்கள்.

அனுமதி இல்லாமலே அனுப்பிவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. அமெரிக்க நிறுவனமான ஸ்வார்ம் 2018 ஜனவரியில், அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் மறுத்த பிறகும், நான்கு சிறு செயற்கைக்கோள்களை ஏவியது. அதே ஆண்டு டிசம்பரில் 9 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. பல்கலைக்கழகத்துக்கு அபராதத்தைவிட, அடுத்த முறை யாரும் இடம் தராமல் போவதுதான் பெரிய இழப்பு.

கட்டுமானப் பக்கம் குறைவாகச் சொல்கிறேன், அதைச் சொல்லித்தர ஆள் உண்டு. கியூப்சாட்டின் ஒரு அலகு என்பது 100 மில்லிமீட்டர் பக்கமும் 113.5 மில்லிமீட்டர் உயரமும். நான்கு மூலைத் தண்டவாளங்களும் வெளியேற்றும் பெட்டிக்குள் வழுக்கிப் போக வேண்டும். அலுமினியத்தின்மேல் ஏற்றும் அனோடைஸ் பூச்சின் தடிமனைக் கணக்கில் சேர்க்காததால் பெட்டிக்குள் நுழையாமல் நின்ற சட்டகத்தைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பூச்சுக்குப் பிறகுதான் இறுதி அளவு எடுங்கள். விடுவித்த பிறகு ஆன்டெனா விரிய 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது கியூப்சாட் விதி. அந்தக் கடிகாரத்தை மேசைமீது, பேட்டரி முழுக்க இறங்கி மீண்டும் ஏறும் நிலையிலும் சோதியுங்கள். நிலையத்தில் மனிதர்கள் இருப்பதால் பேட்டரிச் சான்றுகளைத் தனியாகக் கேட்பார்கள். வாங்கிய செல்லின் தொகுப்பு எண்ணைத் தொலைத்தால் சோதனை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

தரையிலிருந்து கட்டளை அனுப்பி ஒலிபரப்பை உடனே நிறுத்த முடியும் என்பதையும் ஆணையத்துக்குக் காட்ட வேண்டும். அந்தக் கட்டளையை எந்த நிலையத்திலிருந்து, யார், எந்த உரிமத்தின்கீழ் அனுப்புவார் என்று ஒரே பக்கத்தில் எழுதி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இந்த ஒரு கேள்விக்காகவே கோப்பு திரும்பி வரும்.