கட்டுப்பாட்டு எல்லை அனுமதி எல்லை அல்ல

உற்பத்தித் தரம் பற்றிய தமிழ்க் கையேடுகளில் 'அனுமதி எல்லை' என்றொரு சொல் பரவி வருகிறது. உற்பத்தியில் எடுத்த அளவுகளை நேர வரிசையில் புள்ளிகளாக வைக்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தில் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் போடும் இரண்டு கோடுகளுக்கு வைத்த பெயர் அது. எளிமையாக இருக்கிறது என்று பலரும் எடுத்துக்கொண்டார்கள். பிழையான சொல், தொழிற்கூடத்தில் பிழையான வேலைக்கே அது வழி காட்டுகிறது.

இந்தக் கோடுகளின் ஆங்கிலப் பெயர் 'கண்ட்ரோல் லிமிட்'. அதிலுள்ள 'கண்ட்ரோல்' என்பதன் மூலச் சொல் இடைக்கால லத்தீனில் எதிர்ப்பதிவேட்டைக் குறித்தது. ஒரு கணக்கைச் சரிபார்க்க வைத்திருக்கும் இன்னொரு ஏடு, அவ்வளவுதான். 1924-இல் பெல் தொலைபேசிக் குழுமத்தின் உற்பத்தி நிறுவனமான வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் வால்டர் ஷூஹார்ட் வரைந்த முதல் வரைபடமும் செய்தது சரிபார்ப்பே: உற்பத்தி நேற்றுப் போலவே இன்றும் நடக்கிறதா? தமிழில் 'காய்ச்சல் கட்டுக்குள் இருக்கிறது' என்கிறோமே, அந்தப் பொருள்தான் இங்கே வேண்டும். ஆகவே 'கட்டுப்பாட்டு எல்லை' சரியான சொல்.

'அனுமதி' என்றால் ஒருவர் கொடுப்பது. வடிவமைப்பாளர் தண்டின் விட்டம் 20.00 மி.மீ., கூடக் குறைய 0.10 இருக்கலாம் என்கிறார். அது அனுமதி, கூடத்தில் டாலரன்ஸ் என்பார்கள். கட்டுப்பாட்டு எல்லையையோ யாரும் கொடுப்பதில்லை. அது இயந்திரத்தின் பழக்கத்திலிருந்து கணக்கிட்டு எடுப்பது.

ஒரு லேத் இந்தத் தண்டைக் கடைகிறது என்று வைத்துக்கொள்வோம். இயல்பாக ஓடும்போது சராசரி 20.00, துண்டுக்குத் துண்டு அளவு எவ்வளவு சிதறுகிறது என்று காட்டும் திட்ட விலக்கம் 0.02. மணிக்கு ஒரு முறை அடுத்தடுத்து வரும் 4 துண்டுகளை அளந்து சராசரியைப் புள்ளியாக வைக்கிறோம். 4 துண்டுச் சராசரியின் திட்டப் பிழை, 0.02-ஐ 4-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் 0.01. அதன் மும்மடங்கு 0.03. ஆக எல்லைகள் 19.97, 20.03. ('திட்டப் பிழை' என்பதில் யாருடைய தவறும் இல்லை, சராசரிகள் தமக்குள் எவ்வளவு சிதறும் என்ற அளவு அது.)

இனி ஒரு மணி நேரத்தில் 20.03, 20.04, 20.04, 20.05 வருகிறது. சராசரி 20.04, மேல் கோட்டைத் தாண்டிவிட்டது. 'அனுமதி எல்லை' என்று படித்தவர் என்ன செய்வார்? நல்ல தண்டுகள் நான்கையும் ரிஜெக்ட் பெட்டியில் போடுவார். அல்லது டாலரன்ஸுக்குள் இருப்பதைப் பார்த்து, வரைபடம் சும்மா மிரட்டுகிறது என்று விட்டுவிடுவார். இரண்டும் தவறு. துண்டுகள் நல்லவை, ஆனால் லேத்தில் ஏதோ மாறியிருக்கிறது. டூல் தேய்ந்திருக்கலாம், அமைப்பு நகர்ந்திருக்கலாம். போய்ப் பார்க்க வேண்டும். எதுவுமே மாறாதபோது இந்தக் கோடுகளைத் தாண்டும் புள்ளிகள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3 மட்டுமே. வீண் அலைச்சலும் குறைவு, பெரிய மாற்றமும் எளிதில் தப்பாது என்ற கணக்கில்தான் மூன்று மடங்கு நிலைத்தது.

இன்னொன்று கேட்கிறேன். நாலுக்குப் பதில் 16 துண்டுகளை அளந்தால் திட்டப் பிழை 0.005 ஆகும், எல்லைகள் 19.985, 20.015 என்று சுருங்கும். கூடுதலாக அளந்ததற்காகச் சுருங்கும் அனுமதி எந்த ஊரில் உண்டு? சொல்லை உருவாக்கியவர் சூத்திரத்தை ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தால் இந்தப் பெயர் வந்திருக்காது. நம் மொழிபெயர்ப்பில் இதுதான் எனக்குத் தீராத குறை: சொல்லுக்குச் சொல் தேடுகிறார்கள், பொருளைச் செய்து பார்ப்பதில்லை.

மறுபக்கம் இன்னும் மோசம். பழைய லேத் ஒன்றின் திட்ட விலக்கம் 0.06 என்றால், 4 துண்டுச் சராசரியின் எல்லைகள் 19.91, 20.09. புள்ளிகள் எல்லாம் உள்ளே அமைதியாக இருக்கும். ஆனால் தனித் தண்டுகளில் நூற்றுக்குப் பத்துக்கு அருகே டாலரன்ஸைத் தாண்டி வெளியே விழும். 'அனுமதி எல்லைக்குள் உள்ளது' என்று எழுதிச் சரக்கை அனுப்பினால், திரும்பி வரும். இந்த லேத் கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் இந்த வேலைக்குப் போதாது. இவ்வளவு முக்கியமான வேறுபாட்டை அந்த ஒரு சொல் விழுங்கிவிடுகிறது.

அப்புறம், டாலரன்ஸுக்குத் தமிழ் வேண்டுமென்றால் 'ஏற்பு எல்லை' போதும். அதைச் சராசரி வரைபடத்தின் மேல் வரையவும் கூடாது. அது தனித் துண்டுக்கு உரியது, வரைபடத்திலோ சராசரிகள் மட்டுமே இருக்கின்றன. இரண்டு வகைக் கோடுகளையும் ஒரே தாளில் போட்டு, இரண்டுக்கும் 'அனுமதி' என்றே பெயரிட்ட கையேடுகளும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் முதலில் திருத்த வேண்டிய பக்கம் அதுதான்.