வேலை மாறியவர்களே, TP3-இல் சுழியம் போட்டு அனுப்பாதீர்கள்

பாடாங் செராய் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து கூலிம் தொழிற்சாலைகளுக்கு வேலை மாறி வரும் பிள்ளைகள் ஆண்டுதோறும் அதிகம். நான் சம்பளப் பிரிவில் இருப்பதால் ஏப்ரல் மாதம் வந்தாலே அதே கேள்வி என் மேசைக்கு வந்துவிடும். "அக்கா, சம்பளத்துல வரியே பிடிக்கல, இப்ப எப்படி எண்ணூறு வெள்ளி கட்டச் சொல்றாங்க?" இந்த ஆண்டும் வந்தது. இனியும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளாது என்பதால் எழுதுகிறேன்.

கடைசியாக வந்த தம்பி ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு செம்பனை ஆலையில் மேற்பார்வையாளர். மாதம் 5,000 வெள்ளி. ஜூலையில் இங்கே சேர்ந்தார், 5,500 வெள்ளி. திருமணம் ஆகவில்லை. சேர்ந்த வாரமே ஊழியர் போர்ட்டலில் வங்கிக் கணக்கு, முகவரி எல்லாம் ஏற்றிவிட்டார். கைப்பேசி வாங்கிய ரசீதைக்கூட, மாதப் பிடித்தத்தில் வரிக் கழிவு கேட்கும் TP1 படிவத்தோடு பதிவேற்றினார். அந்த ஆண்டில் பழைய முதலாளியிடம் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதிய முதலாளிக்குச் சொல்லும் TP3 படிவத்தின் பக்கத்தில் மட்டும் எல்லாக் கட்டங்களிலும் 0 போட்டு Submit அழுத்திவிட்டார். கட்டம் காலியாக இருந்தால் போர்ட்டல் அடுத்த பக்கத்துக்கு விடாது, 0 போட்டால் விட்டுவிடும். அந்த 0 உண்மையா பொய்யா என்று பார்க்க அதற்கு வழி கிடையாது.

அந்த ஆண்டு அவருடைய மொத்த வருமானம் 63,000 வெள்ளி. தனிநபர் கழிவு 9,000, ஊழியர் சேமநிதிக்கு உச்ச வரம்பான 4,000. இரண்டையும் கழித்தால் 50,000. (சொக்சோ கழிவையும் கைப்பேசி ரசீதையும் கணக்கு எளிதாக இருக்க விட்டுவிடுகிறேன்.) 50,000-க்கு வரி 1,500 வெள்ளி. ஆலையில் இருந்த ஆறு மாதமும் மாதம் 110 வீதம் PCB என்ற மாத வரிப் பிடித்தம் செய்திருந்தார்கள், அதாவது 660. மீதி 840 எங்கள் நிறுவனத்தில் ஜூலை முதல் டிசம்பர் வரை மாதம் 140 வெள்ளியாகப் போயிருக்க வேண்டும்.

என்ன நடந்தது? TP3-இல் 0 என்று இருந்ததால், அவர் அந்த ஆண்டு ஜூலையில்தான் முதன்முதலாகச் சம்பாதிக்கத் தொடங்கினார் என்று எங்கள் கணினி எடுத்துக்கொண்டது. ஆறு மாதத்துக்கு 33,000 வெள்ளி. அதில் சேமநிதி 3,630, தனிநபர் கழிவு 9,000 போனால் மிச்சம் 20,370. அதற்கு வரி 161 வெள்ளி சொச்சம். ஆனால் வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருந்தால் 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆகவே PCB சுழியம். ஆறு மாதமும் சம்பளச் சீட்டில் PCB என்ற இடத்தில் 0.00 என்றே வந்தது. அவரும் சந்தோஷமாக இருந்துவிட்டார். பிறகு வருமான வரி வாரியத்தின் MyTax தளத்தில், இரு முதலாளிகளும் தந்த ஆண்டுச் சம்பள அறிக்கைகளான EA படிவங்களைக் கூட்டிப் போட்டதும், பிடிக்காமல் விட்ட அதே 840 மொத்தமாக வந்து நின்றது.

கைப்பேசி ரசீது? TP1 பிடித்தத்தைக் குறைக்கத்தான் உதவும். பிடித்தமே சுழியமாக இருக்கும்போது எதைக் குறைக்க?

இனி என்னை மிகவும் சோதிக்கும் நம்பிக்கைக்கு வருகிறேன். "TP3 கொடுத்தா வரி கூடும்க்கா, அதனாலதான் கொடுக்கல." இல்லை. கூடாது. உங்கள் ஆண்டு வரி எவ்வளவு என்பதை TP3 தீர்மானிப்பதில்லை, உங்கள் ஆண்டு வருமானம் தீர்மானிக்கிறது. அந்தத் தம்பி TP3 கொடுத்தாலும் 1,500, கொடுக்காவிட்டாலும் 1,500. மாதம் 140-ஆகக் கட்டுவதா, ஏப்ரலில் 840-ஆகக் கட்டுவதா என்பது மட்டும்தான் வித்தியாசம். கெடுவுக்குள் கட்டத் தவறினால் அதன்மேல் 10 விழுக்காடு ஏறும். "பழைய சம்பளம் தெரிஞ்சா இங்க குறைச்சிடுவாங்க" என்பது இன்னொரு பயம். உங்கள் சம்பளம் வேலைக் கடிதத்தில் எழுதி கையெழுத்தாகிவிட்டது. TP3-ஐப் பார்ப்பது எங்களைப் போன்ற சம்பளக் கிராணிகள். எங்களுக்குத் தேவை கணக்கு மட்டுமே.

இதே போன்ற இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: போர்ட்டலில் ரசீதெல்லாம் ஏற்றியாகிவிட்டது, அதனால் வருமான வரிக் கணக்கும் முடிந்தது என்ற நினைப்பு. தயவுசெய்து கேளுங்கள். போர்ட்டலில் ஏற்றுவது முதலாளிக்கு, மாதப் பிடித்தத்துக்காக. MyTax-இல் BE படிவம் அனுப்புவது வருமான வரி வாரியத்துக்கு. ஒன்றில் ஏற்றியது மற்றொன்றுக்குத் தானாகப் போகாது. கழிவுகளை அங்கே மீண்டும் எழுத வேண்டும், ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடைத் தாள் ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

"பக்கத்து வீட்டு அண்ணன் படிவமே அனுப்புறதில்ல" என்பார்கள். அவர் பதினைந்து ஆண்டாக ஒரே ஆலையில் இருப்பவர். PCB-யையே இறுதி வரியாக எடுத்துக்கொள்ளும் சலுகை சட்டத்தில் உண்டு, ஆனால் அந்த ஆண்டு முழுக்க ஒரே முதலாளியிடம் இருந்திருக்க வேண்டும், பிடித்தமும் சரியாக நடந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் நிபந்தனைகள். நடு ஆண்டில் வேலை மாறியவருக்கு அது பொருந்தாது. BE-க்குச் சட்டப்படி ஏப்ரல் 30 கெடு, இணையம் வழி அனுப்புவோருக்கு மே 15 வரை வாரியம் அவகாசம் தந்து வருகிறது.

சரி, அந்தத் தம்பி ஏன் சுழியம் போட்டார்? விசாரித்தபோதுதான் தெரிந்தது: அவரிடம் பழைய எண்களே இல்லை. ஆலையில் கடைசி நாள் மாலையே அவருடைய போர்ட்டல் கணக்கை மூடிவிட்டார்கள். சம்பளச் சீட்டு எல்லாம் அதற்குள்தான். பதிவு செய்திருந்த மின்னஞ்சலும் ஆலை கொடுத்தது, அதுவும் போயிற்று. இது அவரைப் போன்ற எத்தனையோ பேருக்கு நடக்கிறது.

ஆகவே, வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்த அன்றே போர்ட்டலைத் திறந்து அந்த ஆண்டின் சம்பளச் சீட்டுகள் அனைத்தையும் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். பழைய EA படிவங்களையும் எடுங்கள். மின்னஞ்சலைச் சொந்த முகவரிக்கு மாற்றுங்கள், ஏனென்றால் கடைசிச் சம்பளச் சீட்டு நீங்கள் போன பிறகுதான் வரும், EA படிவம் அடுத்த பிப்ரவரி இறுதிக்குள் வரும். அந்தக் கோப்புகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டு "பத்திரமா வச்சிருங்க" என்று சொல்லாதீர்கள், அதில் உங்கள் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன.

புதிய இடத்தில் TP3 நிரப்ப அந்தச் சீட்டுகளே போதும். அந்த ஆண்டில் அதுவரை வாங்கிய மொத்தச் சம்பளம், சேமநிதிக்குப் போனது, பிடித்த PCB: பெரும்பாலான சீட்டுகளில் ஆண்டுக் கூட்டுத்தொகை அடியிலேயே இருக்கும். பழைய வரிக் கடனுக்காக CP38 என்று தனியாகப் பிடித்திருந்தால் அதை PCB-யோடு சேர்க்காதீர்கள். அனுப்பிய பிறகு நிலை Draft என்று நிற்கிறதா, Submitted என்று மாறிவிட்டதா பாருங்கள். Draft-இல் விட்டுப்போன படிவம் எங்கள் திரைக்கு வரவே வராது. விடுப்பு விண்ணப்பத்திலும் இதே கதைதான்: Pending என்பதை அனுமதி என்று எண்ணித் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து நிற்பவர்கள் உண்டு.

நடு ஆண்டில் மாறி, சுழியம் போட்டுவிட்டு இதைப் படிப்பவராக இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. அந்தத் தம்பி செப்டம்பரில் வந்து சொல்லியிருந்தால்கூட 840-ஐ நான்கு மாதத்தில் 210 வீதம் பிரித்திருப்போம். டிசம்பர் சம்பளம் மூடியபின் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. பழைய சீட்டு கையில் இல்லையென்றால் பழைய நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்கு இன்றே எழுதிக் கேளுங்கள். எண்கள் வந்ததும், இந்த மாதச் சம்பளம் மூடும் தேதிக்குள் TP3-ஐத் திருத்தி அனுப்புங்கள்.