பொல்யூஷன் பாஸ் ஆயிடுச்சுன்னா செக் இன்ஜின் லைட்டை விட்டுடலாமா?

இந்த வாரமும் ஒருத்தர் வந்தாருங்க. மீட்டர்ல மஞ்சள் கலர்ல இன்ஜின் படம் எரியுது, வண்டி மேடு ஏறும்போது உதறுது. "எத்தனை நாளா எரியுது சார்?"ன்னு கேட்டா, "அது ஒரு வருஷமா எரியுதுங்க, ஆனா போன தடவை பொல்யூஷன் பாஸ் ஆயிடுச்சே, அதனால ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டேன்"ங்கறாரு. இந்த பதிலை கேட்டு கேட்டு சலிச்சுப் போச்சு. படிச்சவங்க, பெரிய வேலைல இருக்கறவங்க, வண்டியை பளபளன்னு வச்சிருக்கறவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அதனால இன்னைக்கு எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன்.

நேரடியா சொல்லிடறேன். நம்ம ஊர்ல செக் இன்ஜின் லைட் எரிஞ்சாலும் வண்டி பியூசிங்கற இந்த பொல்யூஷன் டெஸ்ட் பாஸ் ஆகும், தாராளமா ஆகும். ஏன்னா அந்த டெஸ்ட்ல யாரும் உங்க மீட்டரை பாக்கறதும் இல்ல, ஸ்டியரிங்குக்கு கீழ இருக்கற ஓபிடி சாக்கெட்ல ஸ்கேனர் மாட்டறதும் இல்ல. சைலன்சர்ல ஒரு குழாயை விட்டு அந்த நேரத்துல வர்ற புகையை மட்டும் அளக்கறாங்க. லைட் ஏன் எரியுதுங்கற கேள்வியே அங்க வராது. வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க "லைட் எரிஞ்சா டெஸ்ட்ல ஃபெயில் பண்ணிடுவாங்க"ன்னு சொல்லியிருப்பாங்க, அவங்க சொல்றதும் நிஜம். இங்கிலாந்துல 2018 மே மாசத்துல இருந்து எம்ஓடி டெஸ்ட்ல இந்த லைட் எரிஞ்சாலே ஃபெயில் (ரொம்ப பழைய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு). அமெரிக்காவுல நிறைய மாநிலத்துல 1996 மாடல்ல இருந்து வந்த வண்டிக்கு ஸ்கேனர் மாட்டித்தான் பாக்கறாங்க. நம்ம பியூசி அந்த மாதிரி டெஸ்ட் இல்ல.

பெட்ரோல் வண்டிக்கு என்ன பண்றாங்கன்னு பாருங்க. இன்ஜின் சூடா இருக்கணும், ஐடில்ல ஓடும்போது கார்பன் மோனாக்சைடும் எரியாம வர்ற ஹைட்ரோகார்பனும் எவ்வளவுன்னு அளக்கணும். பிஎஸ்4 காருக்கு கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம், இதுக்குள்ள இருந்தா பாஸ். 2500 ஆர்பிஎம் பக்கம் வச்சும் ஒரு தடவை பாக்கணும்னு விதி இருக்கு, ஆனா அதுவும் வண்டி நின்ன இடத்துல நியூட்ரல்ல வச்சு பாக்கறதுதான். இன்ஜினுக்கு லோடே கிடையாது. நைட்ரஜன் ஆக்சைடு அளக்கறதே இல்ல. (குழாயே விடாம சர்டிபிகேட் அடிச்சுக் குடுக்கற இடங்களும் இருக்கு. அங்க வாங்கின பேப்பரை வச்சுக்கிட்டு வண்டி நல்லா இருக்குன்னு நம்பாதீங்க, தயவுசெஞ்சு.)

இப்ப எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற விஷயத்துக்கு வர்றேன். பியூசி பாஸ்னா "இன்னைக்கு, வண்டி நின்னுட்டு இருந்தப்ப, இந்த ரெண்டு வாயு அளவுக்குள்ள இருந்துச்சு"ன்னு மட்டும்தான் அர்த்தம். இன்ஜின் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, சென்சார் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல, நாளைக்கும் இதே அளவுல வரும்னும் அர்த்தம் இல்ல. செக் இன்ஜின் லைட் பாக்கறது வேற. அது நீங்க ஓட்டற ஒவ்வொரு கிலோமீட்டரும், மேட்டுல, ஹைவேஸ்ல, ஏசி போட்டு அஞ்சு பேர் உக்காந்து போகும்போதெல்லாம் பாத்துட்டே இருக்கு. படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி நார்மல், டிரெட்மில்ல ஓடவிட்டா நெஞ்சு வலி வருதுன்னா டாக்டர் எதை நம்புவாரு? டிரெட்மில்லைத்தானே. உங்க வண்டில அந்த லைட்டுதான் டிரெட்மில்.

வந்தவரோட வண்டி கதையை முழுசா சொல்றேன், அப்பத்தான் புரியும். 2018 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், பிஎஸ்4. போன வருஷம் லைட் வந்தப்புறம் ஒரு மாசம் கழிச்சு பியூசி எடுத்திருக்காரு, கார்பன் மோனாக்சைடு 0.06, ஹைட்ரோகார்பன் 70. அருமையான ரீடிங், யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க. இந்த வருஷம் அதே பங்க்ல எடுத்தா ஹைட்ரோகார்பன் 340, ஃபெயில். "மிஷின் சரியில்லைங்க, வேற இடத்துல பாத்துக்கலாம்னு நெனச்சேன், அங்கயும் ஃபெயில்"ன்னுதான் எங்கிட்ட வந்தாரு.

ஸ்கேனர் போட்டேன். ரெண்டு கோட் இருந்துச்சு, P0303, P0420. முதல் கோட் மூணாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், ரெண்டாவது, புகையை சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலைங்கறது. கோட் விழுந்த நேரத்துல வண்டி எப்படி ஓடிட்டு இருந்துச்சுங்கறதை கம்ப்யூட்டர் ஒரு போட்டோ மாதிரி சேத்து வச்சிருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு பேரு. அதைப் பாத்தா மிஸ்ஃபயர் விழுந்தது 2800 ஆர்பிஎம்ல, லோடு 80 சதவீதத்துக்கு மேல, இன்ஜின் நல்ல சூட்டுல. ஐடில்ல எத்தனை நேரம் வச்சாலும் ஒரு மிஸ்ஃபயர் கூட விழல. இங்கதான் விஷயமே. சிலிண்டருக்குள்ள பிரஷர் ஏற ஏற பிளக்குல பொறி தாண்டறதுக்கு அதிக வோல்டேஜ் வேணும். பலவீனமான இக்னிஷன் காயில் ஐடில்ல சமாளிச்சிடும், மேட்டுல சமாளிக்காது. அதனாலதான் போன வருஷம் பங்க்ல அவ்வளவு சுத்தமான ரீடிங்.

மூணாவது சிலிண்டர் காயிலை கழட்டி ஒண்ணாவதுல மாட்டி, ஒண்ணாவதை மூணாவதுல மாட்டி, பாலத்து மேல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம். இப்ப கோட் P0301ன்னு மாறிடுச்சு. காயிலோட கூடவே கோளாறும் நகருது, அப்ப காயில்தான் போயிருக்கு, இன்ஜெக்டர் இல்ல, கம்ப்ரஷன் இல்ல. (இந்த மாத்திப் பாக்கற வேலைக்கு பைசா செலவு கிடையாது. இது பண்ணாம நேரா "எல்லா காயிலும் மாத்தணும்"னு சொன்னா கொஞ்சம் யோசிங்க.) பிளக்கும் தேய்ஞ்சு கேப் பெருசாகி இருந்துச்சு.

காயிலும் பிளக் செட்டும் சில ஆயிரத்துல முடியற வேலை. ஆனா ஒரு வருஷமா மூணாவது சிலிண்டர்ல எரியாத பெட்ரோல் நேரா சைலன்சர் பக்கம் போயி, கன்வெர்ட்டருக்குள்ள எரிஞ்சிருக்கு. உள்ள இருக்கற தேன்கூடு மாதிரியான செராமிக் அந்தச் சூட்டுக்கு உருகிப் போச்சு. பின்னாடி இருக்கற ஆக்சிஜன் சென்சார் ரீடிங் ஒரே நெலையா நிக்கணும், இவரு வண்டில முன்னாடி சென்சாரோட சேந்து மேலயும் கீழயும் ஆடுது. கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா பாதி அடைச்சுக் கெடக்கு. காயில் மாத்தின பிறகும் ஹைட்ரோகார்பன் எறங்கல, கன்வெர்ட்டர் மாத்தினதுக்கு அப்புறம்தான் பாஸ் ஆச்சு. அதுக்கான பில் பல பத்தாயிரம். அவரு மொகத்தை பாக்க எனக்கே கஷ்டமா இருந்துச்சு. போன வருஷமே வந்திருந்தா பாதி நாள் வேலைங்க அது.

"லைட் சும்மா எரிஞ்சுச்சா, மினுக் மினுக்குன்னு விட்டு விட்டு எரிஞ்சுச்சா?"ன்னு கேட்டேன். மேட்டுல மட்டும் மினுக்குமாம். அய்யா, அதை மட்டுமாவது மனசுல வச்சுக்கங்க. நிலையா எரிஞ்சா சீக்கிரம் காட்டுங்க, அந்த வாரத்துக்குள்ள போதும். மினுக்குனா கன்வெர்ட்டரை இப்பவே எரிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், ஆக்சிலரேட்டரை விடுங்க, மெதுவா போங்க, அதுக்கு மேல லாங் டிரைவ் வேண்டாம்.

டீசல்காரங்க நமக்கு இல்லைன்னு நெனச்சுக்க வேண்டாம், அங்க இன்னும் மோசம். டீசலுக்கு ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு புகை எவ்வளவு கருப்புன்னுதான் பாக்கறாங்க. புகையில கொஞ்சத்தை திருப்பி இன்ஜினுக்கே அனுப்பற ஈஜிஆர் வால்வு மூடின நிலையில மாட்டிக்கிட்டா லைட் எரியும், ஆனா புகை இன்னும் கொறையும், நைட்ரஜன் ஆக்சைடு ஏறும், அதைத்தான் யாரும் அளக்கறது இல்லையே. பிஎஸ்6 வண்டில கரியை பிடிக்கற டிபிஎஃப் ஃபில்டர் அடைச்சுக்கிட்டாலும் அப்படித்தான், அடைச்ச ஃபில்டரும் கரியை பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும், வெளிய சுத்தமா வரும். கோளாறு இருக்கும்போதே ரீடிங் முன்னைவிட நல்லா வரும். டிபிஎஃப் லைட்டை விட்டுட்டு ஊருக்குள்ளயே ஓட்டிட்டு இருந்தா கடைசில வண்டி பிக்கப் இல்லாம ஊர்ந்துதான் போகும். லைட் வந்த உடனே ஹைவேஸ்ல ஒரு அரை மணி நேரம் சீரான வேகத்துல ஓட்டினா நிறைய தடவை தானாவே கரியை எரிச்சு சுத்தம் பண்ணிக்கும், விட்டுட்டா அந்த வாய்ப்பும் போயிடும்.

எஃப்சி பத்தியும் கேக்கறாங்க. ஏபிஎஸ் லைட் எரியற வண்டி பிரேக் டெஸ்ட்ல பாஸ் ஆகுமான்னா, ரோலர்ல ஏத்திப் பாத்தாலும் பெரும்பாலும் ஆகும். ரோலர் சுத்தறது நடக்கற வேகத்துல, அந்த வேகத்துல ஏபிஎஸ் வேலையே செய்யாது. சாதா பிரேக் பிடிச்சா ரீடிங் வந்துடும். மழைல 80ல போயி சடன் பிரேக் அடிக்கும்போதுதான் அது இல்லாதது தெரியும். சிவப்பு கலர் பிரேக் லைட் எரிஞ்சா ஹேண்ட்பிரேக் எறக்கியிருக்கான்னு பாருங்க, அப்புறம் பிரேக் ஆயில் லெவல் பாருங்க, லெவல் கொறஞ்சிருந்தா வண்டியை எடுக்காதீங்க.

அடுத்தது இந்த பேட்டரி கழட்டற வேலை. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் பேட்டரி வயரை கழட்டி மாட்டி லைட்டை அணைச்சுட்டு போறாங்க. எதுக்கு? அங்க யாரும் லைட்டை பாக்கறதே இல்லைன்னுதான் மேலயே சொன்னேனே. கோளாறு அப்படியே இருக்கும், சில தடவை ஓட்டினதும் லைட் திரும்ப வரும். போனது ஃப்ரீஸ் ஃப்ரேம்தான். மேல சொன்ன வண்டில 2800 ஆர்பிஎம், லோடுன்னு நான் கண்டுபிடிச்சது அதை வச்சுத்தான், அது அழிஞ்சு போயிருந்தா ஐடில்ல நல்லா ஓடற வண்டியை வச்சுக்கிட்டு ரெண்டு நாள் தேடியிருப்போம். லைட்டை அணைக்காம அப்படியே கொண்டு வாங்க. கோட் எடுத்தா மெக்கானிக்கிட்ட அந்த ஸ்க்ரீனை ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்க, அழிக்கறதுக்கு முன்னாடி.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கறவங்களுக்கு ஒண்ணு. பியூசி பேப்பர் புதுசா இருக்குன்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுக்காதீங்க. சாவியை ஆன் பொசிஷன்ல மட்டும் வைங்க, ஸ்டார்ட் பண்ணாதீங்க. செக் இன்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக் மூணும் எரியணும். ஏபிஎஸ், ஏர்பேக் சில செகண்ட்ல தானா அணையும், செக் இன்ஜின் ஸ்டார்ட் பண்ணதும் அணையணும். ஆரம்பத்துலயே எரியாத லைட் இருந்தா பல்பை பிடுங்கியிருப்பாங்க, இல்லன்னா வயரை கட் பண்ணியிருப்பாங்க. அந்த வண்டிக்கு ஸ்கேனர் போட்டுப் பாத்த பிறகுதான் விலை பேசணும். விக்கறவரு ஸ்கேனர் போட விடமாட்டேன்னா வண்டியை பாத்தது போதும்னு கெளம்பிடுங்க.