ஒலிப்பதிவைக் கேட்காமலே விடை தெரிகிறதா?

பள்ளி ஆங்கிலத் தேர்வுக்கான கேட்டல் கேள்விகள் சரிபார்ப்புக்கு வந்தால், ஒலிப்பதிவின் உரையாடலை நான் முதலில் படிப்பதில்லை. கேள்விகளுக்கு மட்டும் விடை எழுதிப் பார்ப்பேன். மூன்று தெரிவுகள் இருந்தால் குருட்டாம்போக்கில் மூன்றில் ஒரு பங்கு சரியாக வரலாம். அதைவிட நிறைய வந்தால் கேள்விகளில் கோளாறு. ‘பையன் நூலகத்துக்கு ஏன் போனான்?’ என்று கேட்டு, புத்தகம் எடுக்க, நீந்த, தூங்க என்று தெரிவு கொடுத்தால் காது எதற்கு?

அடுத்த கோளாறு கண்ணுக்கு எளிதில் படாது. தோழிகள் இருவர் ரயில் நிலையத்தில் சந்திப்பதாக ஓர் உரையாடல். எத்தனை மணிக்குச் சந்திக்கிறார்கள் என்பது கேள்வி, 8.30, 9.00, 9.15 என்பவை தெரிவுகள். உரையாடலில் ‘எட்டரைக்குச் சந்திப்போம்’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது என்றால், அந்த எண் காதில் விழுந்தாலே மதிப்பெண். வேறெதுவும் புரிய வேண்டியதில்லை.

அதனால் மூன்று நேரங்களும் ஒலிக்கும்படி எழுத வேண்டும். முதல் பெண் ஒன்பது மணிக்கு வரச் சொல்கிறாள். ரயில் ஒன்பதே காலுக்குக் கிளம்பிவிடும், டிக்கெட் வரிசை நீளமாக இருக்கும் என்று மற்றவள் தயங்குகிறாள். ‘சரி, அப்போ எட்டரைக்கே வந்துடு’ என்கிறாள் முதல் பெண். ‘ஆகட்டும்’ என்று பதில் வருகிறது. இப்போது தவறான தெரிவு ஒவ்வொன்றுக்கும் உரையாடலில் ஓர் இடம் உண்டு. ஆனால் யோசனை எது, முடிவு எது என்று பிரித்தறிந்தால்தான் விடை கிடைக்கும். ‘அரை மணி நேரம் முன்னாடி வா’ என்று எழுதிவிடாதீர்கள், அது கணக்குத் தேர்வாகிவிடும்.

கடைசியில் வரும் நேரமே எப்போதும் விடையாக இருந்தாலும் சிக்கல்தான். மாணவர்கள் அந்தச் சூட்சுமத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொள்வார்கள். சில கேள்விகளில் முதலில் சொன்னதே நிலைக்கட்டும்.

விடைகள் அடுத்தடுத்த வரிகளில் வரக் கூடாது. ஒரு விடையைக் குறிக்கும்போது அடுத்தது கடந்து போய்விடும். அதன்பின் வரும் கேள்விகளும் தடுமாறும். இடையில் இரண்டு மூன்று வரி சாதாரணப் பேச்சு போதும். கேள்விகள் உரையாடலின் வரிசையிலேயே இருக்கட்டும்.

எழுதியதை இருவர் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டும் வரியை இரண்டாக உடையுங்கள். பேசுகிற இருவர் குரலும் ஒன்றுபோல இருந்தால் யார் சொன்னது என்றே தெரியாது. ஒலிப்பதிவு முடிந்ததும், தேர்வு நடக்கும் அறையிலேயே அதை ஓடவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே தர்ட்டீனும் தர்ட்டியும் ஒன்றாகக் கேட்டால் ஒலிபெருக்கியோடு போராட வேண்டாம். எண்ணை ட்வெல்வ் என்று மாற்றி, அந்த வரியை மட்டும் மறுபடி பதிவு செய்தால் போதும்.