நிதியாண்டு முடிவும் செலவு மீளப் பெறும் கோரிக்கைகளும்: பணியாளர்களுக்கான விளக்கம்

நிதியாண்டு முடிய மூன்று நான்கு வாரங்கள் இருக்கும்போது கணக்குப் பிரிவிலிருந்து பணியாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வரும். அலுவலகப் பணிக்காகத் தம் கைப்பணத்தைச் செலவழித்தவர்களும் முன்பணம் பெற்று இன்னும் கணக்கு ஒப்படைக்காதவர்களும், உரிய ரசீதுகளுடன் இன்ன தேதிக்குள் கோரிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அந்தத் தேதி பெரும்பாலும் ஆண்டின் கடைசி நாளாக இருக்காது. ஒரு வாரமோ பத்து நாட்களோ முன்னதாகவே இருக்கும். ஏன் இப்படி முன்கூட்டி முடிக்கிறார்கள், அந்தத் தேதிக்குப் பிறகும் ஆண்டு முடிவதற்குள் நேரும் செலவுகள் என்னவாகும் என்ற இரண்டு கேள்விகளும் பலருக்கு எழுகின்றன. சுற்றறிக்கையில் இவற்றுக்கு இடமிருப்பதில்லை என்பதால் இங்கே சற்று விரிவாகவே பார்க்கலாம்.

முதலில், செலவு எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதை நிறுவனம் எப்படித் தீர்மானிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கு இரண்டு முறைகள் உள்ளன. ரொக்க அடிப்படையில் கணக்கு வைக்கும் அலுவலகங்களில், பணம் எந்த நாளில் கொடுக்கப்பட்டதோ அந்த நாள் எந்த ஆண்டில் விழுகிறதோ அந்த ஆண்டின் செலவாகவே அது பதிவாகும். ஒதுக்கீடு ஆண்டோடு காலாவதியாகும் வழக்கமும் பெரும்பாலும் இம்முறையோடு சேர்ந்தே வருகிறது. அத்தகைய இடங்களில், கோரிக்கை சரிபார்க்கப்பட்டு, ஒப்புதல் பெற்று, பணம் கணக்கில் சேரும் வரையிலான எல்லாப் படிகளும் ஆண்டு முடிவதற்குள் நடந்தாக வேண்டும். நிகழ்வு அடிப்படையில் கணக்கு வைக்கும் நிறுவனங்களிலோ, பணம் எப்போது கொடுக்கப்பட்டாலும், சேவையோ பொருளோ எந்த ஆண்டில் பெறப்பட்டதோ அந்த ஆண்டின் செலவாகவே அது எழுதப்படும். இங்கே பணம் அடுத்த ஆண்டில் தரப்பட்டாலும் தவறில்லை. ஆனால் அப்படி ஒரு செலவு இருக்கிறது என்ற தகவல், கணக்கை மூடுவதற்கு முன் கணக்குப் பிரிவுக்குக் கிடைத்திருக்க வேண்டும். உங்கள் அலுவலகம் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், சுற்றறிக்கைத் தேதியில் எவ்வளவு கண்டிப்பு இருக்கும் என்பதும் புரிந்துவிடும்.

அந்தத் தேதிக்கும் ஆண்டின் கடைசி நாளுக்கும் நடுவில் விடப்படும் இடைவெளி, கோரிக்கை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறுவதற்கானது. நீங்கள் சமர்ப்பித்ததும் அது மேலாளரின் ஒப்புதலுக்குப் போகிறது. அங்கிருந்து கணக்குப் பிரிவில் ரசீதுகள் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கப்படுகின்றன. குறை இருந்தால் உங்களிடமே திரும்பி வருகிறது. சரியாக இருந்தால் செலவுத் தலைப்பு குறிக்கப்பட்டு, பணம் வழங்கும் பட்டியலில் சேர்கிறது. ஆண்டு முடிவில் எல்லோரும் ஒரே வாரத்தில் அனுப்புவதால், சாதாரண நாட்களில் இரண்டு நாட்களில் முடியும் சரிபார்ப்பு அப்போது அதிக நாட்கள் எடுக்கும். மேலாளர் விடுப்பில் இருந்தால் அவருக்குப் பதிலாக ஒப்புதல் தருபவர் யார் என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது நல்லது. கோரிக்கை நின்றுபோகும் இடம் பெரும்பாலும் கணக்குப் பிரிவாக இருப்பதில்லை, ஒப்புதலுக்குக் காத்திருக்கும் இந்தப் படிதான் என்பது என் கருத்து.

மென்பொருள் வழியாகச் சமர்ப்பிக்கும் இடங்களில் ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். விவரங்களை உள்ளிட்டு, ரசீதுகளின் படங்களை இணைத்துச் சேமித்துவிட்டால் கோரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். சேமித்தது வரைவு நிலையில் அவரவர் பக்கத்திலேயே கிடக்கும். சமர்ப்பித்ததாகக் குறிக்கும் நிலைக்கு மாறி, ஒரு கோரிக்கை எண் கிடைத்த பிறகே அது மேலாளர் கண்ணில் படும். குறை சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கையும் மீண்டும் வரைவாகிவிடுவதால், திருத்தியபின் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். கடைசித் தேதியன்று முதலில் அனுப்பிய நாளைக் கணக்கில் எடுப்பார்களா, மறுசமர்ப்பிப்பு நாளையா என்பது ஒவ்வொரு நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. ஆகவே கோரிக்கை திரும்பி வந்தாலும் திருத்தி அனுப்ப அவகாசம் இருக்கும்படி முன்னதாகவே சமர்ப்பிப்பது பாதுகாப்பானது.

சிக்கல் அதிகம் எழுவது, இரண்டு நிதியாண்டுகளின் எல்லையைத் தாண்டிச் செல்லும் பயணங்களில். நிகழ்வு அடிப்படையில் கணக்கு வைக்கும் நிறுவனம் ஒன்றில், ஒரு பணியாளர் ஐந்து நாள் பயணம் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டின் கடைசிக்கு முந்தைய நாள் புறப்பட்டு, புதிய ஆண்டின் மூன்றாம் நாள் திரும்புகிறார். புறப்படும் முன் 20,000 முன்பணம் பெற்று, அதிலிருந்தே போக வர இரண்டு பயணச்சீட்டுகளையும், ஒன்று 3,000 வீதம், சேர்த்து வாங்கிவிடுகிறார். தங்கும் விடுதி இரவுக்கு 2,000 வீதம் நான்கு இரவுகளுக்கு 8,000 பெறுகிறது. ஆனால் ரசீதை அறையைக் காலி செய்யும் நாளில், அதாவது புதிய ஆண்டில்தான் தருகிறது. தினப்படி நாளுக்கு 500. உள்ளூர் வண்டிக் கட்டணம் பழைய ஆண்டின் இரண்டு நாட்களில் 800, புதிய ஆண்டின் மூன்று நாட்களில் 700. நாணயம் எதுவாயினும் கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

இதில் ரசீதின் தேதியை மட்டும் பார்த்துப் பிரித்தால் தவறாகிவிடும். விடுதி ரசீது புதிய ஆண்டின் தேதியில் இருந்தாலும் முதல் இரண்டு இரவுகளின் வாடகையான 4,000 பழைய ஆண்டுக்குரியது. ஆண்டின் கடைசி நாள் இரவு நள்ளிரவைத் தாண்டினாலும், அறை வாடகை தங்கத் தொடங்கிய நாளின் கணக்கிலேயே பொதுவாகச் சேர்க்கப்படுகிறது. பயணச்சீட்டில் நேர்மாறாக நடக்கிறது. இரண்டும் பழைய ஆண்டில் வாங்கப்பட்டவை என்றாலும், திரும்பும் பயணம் புதிய ஆண்டில் நடப்பதால் அந்த 3,000 புதிய ஆண்டின் செலவு. ஆண்டு முடிவில் அது முன்கூட்டிச் செலுத்திய தொகையாக நிற்கும். இவ்வாறு பிரித்தால், பழைய ஆண்டுக்குப் போகும் பயணம் 3,000, இரண்டு இரவுகள் 4,000, இரண்டு நாள் தினப்படி 1,000, வண்டி 800 என 8,800 ஆகிறது. புதிய ஆண்டுக்குத் திரும்பும் பயணம் 3,000, இரண்டு இரவுகள் 4,000, மூன்று நாள் தினப்படி 1,500, வண்டி 700 என 9,200. இரண்டும் சேர்ந்து 18,000. முன்பணத்தில் மீதமுள்ள 2,000 திருப்பிச் செலுத்தப்பட வேண்டும்.

சுற்றறிக்கைத் தேதிக்குள் இவரால் கோரிக்கை சமர்ப்பிக்க முடியாது, ஏனென்றால் அப்போது பயணமே தொடங்கியிருக்காது. ஆனால் தெரிவிக்க முடியும். பயண நாட்கள், விடுதியின் முன்பதிவு உறுதிச்சீட்டு, இரவு வாடகை, சீட்டுகளின் நகல் ஆகியவற்றோடு, பழைய ஆண்டுக்குரிய பகுதி சுமார் 8,800 ஆகும் என்ற ஒரு மதிப்பீட்டைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுப் புறப்பட்டால், அவர்கள் அந்தத் தொகையைப் பழைய ஆண்டின் செலவாக எழுதி வைக்க முடியும். திரும்பி வந்து உண்மையான ரசீதுகளைக் கொடுத்த பிறகு மதிப்பீடு சரிசெய்யப்படும். வண்டிக் கட்டணத்தில் 100, 200 வேறுபட்டால் அந்த வித்தியாசம் புதிய ஆண்டில் சேர்ந்துவிடும், அதற்காகப் பழைய கணக்கை யாரும் திறக்கப் போவதில்லை. சிறு தொகைகளுக்கு இவ்வளவு பிரிப்பு வேண்டாம் என்று குறைந்தபட்ச வரம்பு வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே வரம்புக்குக் கீழுள்ள செலவு முழுவதும் கோரிக்கை வந்த ஆண்டிலேயே பதிவாகும்.

கோரிக்கைப் படிவத்தை நிரப்பும்போது, பயணம் முழுவதையும் ஒரே தொகையாக எழுதாமல் நாள்வாரியாக எழுதுவது இதனால்தான் கேட்கப்படுகிறது. விடுதி ரசீதிலும் ஒவ்வோர் இரவுக்கும் தனி வரி இருக்கும்படி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். "நான்கு இரவுகள், 8,000" என்று ஒரே வரியில் இருந்தாலும் பிரித்துவிட முடியும் என்பது உண்மையே. ஆனால் இரவுக்கு இரவு வாடகை மாறியிருந்தால் அது முடியாது, கோரிக்கை விளக்கம் கேட்டுத் திரும்பி வரும்.

ரசீதுகளைப் பொறுத்தவரை இரண்டு குறைகளைச் சொன்னால் போதும். முதலாவது, அட்டை வழிப் பணம் செலுத்தியதற்கான சிறு சீட்டை ரசீதாக இணைப்பது. அது பணம் கொடுக்கப்பட்டதைக் காட்டுமே தவிர எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டாது. பொருளோ சேவையோ எழுதப்பட்ட ரசீதுதான் செலவுக்கு ஆதாரம். இரண்டாவது, வெப்பத் தாளில் அச்சிடப்படும் சீட்டுகள். வெயிலில் நின்ற வண்டியிலோ பணப்பையிலோ சில வாரங்கள் கிடந்தால் எழுத்து மங்கி, ஆண்டு முடிவில் வெறும் தாள்தான் கையில் இருக்கும். வாங்கிய அன்றே படம் எடுத்து வைப்பதும் நகல் எடுத்து அசலோடு சேர்த்து வைப்பதும் இதற்கு எளிய தீர்வு. அசலே மங்கிவிட்டால், செலவு நடந்த இடத்தில் மறுநகல் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். அதற்கான நாட்களையும் சுற்றறிக்கைத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொள்ள வேண்டும்.

முன்பணம் பெற்றவர்களின் நிலை கைப்பணம் செலவழித்தவர்களின் நிலையைவிடக் கடினமானது. கைப்பணம் செலவழித்தவர் தாமதித்தால் அவருக்கு வர வேண்டிய பணம் தாமதமாகும். முன்பணம் பெற்றவர் தாமதித்தாலோ, அந்தத் தொகை ஆண்டு முடிவில் அவர் பெயரில் நிலுவையாகத் தெரியும். எடுத்துக்காட்டில் வந்த பணியாளரின் பெயரில் ஆண்டு முடிவில், பழைய ஆண்டின் செலவான 8,800-ம் முன்கூட்டிச் செலுத்திய திரும்பும் பயணச்சீட்டின் 3,000-ம் கழித்து, 8,200 நிற்கும். அது பயணம் முடியாததால் நிற்பது என்பதற்கு அவர் அனுப்பிய மதிப்பீடே விளக்கம். பயணம் எப்போதோ முடிந்தும் கணக்குக் கொடுக்காதவருக்கு அத்தகைய விளக்கம் இல்லை. தணிக்கையில் கேள்வி வரும், விதி இருக்கும் இடங்களில் அது ஊதியத்திலிருந்தும் பிடிக்கப்படும். செலவழியாத தொகையை, முழுக் கணக்கு முடியும் வரை காத்திராமல், திரும்பியவுடன் கட்டிவிடலாம்.

தேதி தவறிவிட்டால் கோரிக்கை தானாகச் செல்லாததாகிவிடும் என்று எல்லா இடங்களிலும் எடுத்துக்கொள்ள முடியாது. பல நிறுவனங்களில் தாமதக் கோரிக்கையை, காரணத்தை எழுத்தில் குறிப்பிட்டு, வழக்கமாக ஒப்புதல் தருபவருக்கு மேல்நிலையில் இருப்பவரின் ஒப்புதலோடு ஏற்கிறார்கள். ஆனால் அது புதிய ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்தே வழங்கப்படுவதால், உங்கள் பிரிவுக்குப் பழைய ஆண்டில் மிச்சமிருந்த தொகை அதற்குப் பயன்படாது. செலவு நடந்த நாளிலிருந்து இத்தனை நாட்களுக்குள் கோர வேண்டும் என்று தனி விதியும் இருந்தால், சுற்றறிக்கையின் தேதி அந்த வரம்பை நீட்டிப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் நேர்ந்த செலவொன்று இன்னும் கையில் இருந்தால், சுற்றறிக்கையைப் பார்க்கும் முன் அந்த விதியைப் பார்ப்பதே முறை.