யூபிஐ-யில் ஆள் மாறிப் போன பணம்: வங்கியில் என்ன கேட்க வேண்டும்?

“மூணு நாள்ல தானா வந்துடும் சார்.” தவறான கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டு வங்கிக்கு ஓடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. நம்பிக் காத்திருக்காதீர்கள். தானாகத் திரும்புவது உங்கள் கணக்கில் கழிந்து, எதிர்க் கணக்கில் சேராமல் போன பணம் மட்டுமே. ஆள் மாறிப் போன பணம் கணினியைப் பொறுத்தவரை வெற்றிகரமாக முடிந்த பரிவர்த்தனை. பெற்றவர் சம்மதிக்காமல் அவர் கணக்கிலிருந்து அதை எடுக்க வங்கிக்கோ செயலிக்கோ அதிகாரம் இல்லை. அதனால் உங்கள் புகாரின் நோக்கம் ஒன்றுதான்: அவருடைய வங்கி அவரிடம் முறைப்படி சம்மதம் கேட்க வேண்டும். அவர் பணத்தை எடுத்துச் செலவழிப்பதற்குள் இது நடக்க வேண்டும்.

ஒரு உதாரணம். வீட்டு வாடகை 8,500 ரூபாய். கைபேசி எண்ணின் கடைசி இலக்கம் 8-க்குப் பதில் 3 என்று விழுந்துவிட்டது. முதலில் பரிவர்த்தனை விவரப் பக்கத்தைத் திறந்து படம் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் UTR என்று 12 இலக்க எண் இருக்கும். வங்கியில் எதைத் தேடவும் அந்த எண்தான் வேண்டும். அடுத்து அதே எண்ணுக்கு ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பில் “தவறுதலாக 8,500 வந்துள்ளது, திருப்பி அனுப்பவும்” என்று எழுதுங்கள். மிரட்ட வேண்டாம். பலர் இந்தக் கட்டத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காவிட்டாலும், நீங்கள் உடனே கேட்டதற்கு அது சாட்சி.

அன்றைக்கே செயலியிலும் புகார் பதியுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. “பணம் போய்ச் சேரவில்லை” என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்தால், “பரிவர்த்தனை வெற்றி” என்று பதில் போட்டுப் புகாரை மூடிவிடுவார்கள். தவறான நபருக்கு அனுப்பியதாகச் சொல்லும் பிரிவைத்தான் தேட வேண்டும். உதவி எண்ணையும் செயலிக்குள்ளேயே பாருங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் “வாடிக்கையாளர் சேவை” எண்களில் போலிகள் ஏராளம். பணம் திரும்பி வர யூபிஐ பின் கேட்கிறவர் திருடர்.

பிறகு வங்கிக் கிளை. அங்கே “ஆப்ல கேளுங்க” என்பார்கள், செயலியில் “பேங்க்ல கேளுங்க” என்பார்கள். வாயால் பேசி வெளியே வராதீர்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: தேதி, நேரம், தொகை, UTR, உங்கள் கணக்கு எண், அனுப்ப நினைத்த எண், அனுப்பிய எண். கடைசி இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினால் ஓர் இலக்கப் பிழை பார்த்ததும் தெரியும். கோரிக்கையை இப்படி வையுங்கள்:

“பெறுநரின் வங்கியைத் தொடர்புகொண்டு, அவரது ஒப்புதலைப் பெற்று, இத்தொகையைத் திருப்பித் தர நடவடிக்கை எடுக்கவும். எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கவும்.”

நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் அதே கடிதத்தை வங்கியின் குறைதீர்ப்பு மின்னஞ்சலுக்கு அனுப்பிப் புகார் எண் பெறுங்கள். பெற்றவரின் முகவரியைக் கேட்டு நாளை வீணாக்க வேண்டாம், தரமாட்டார்கள்.

அவசரத்தில் 1930-க்கு அழைத்து “மோசடி” என்று சொல்லாதீர்கள். அது ஏமாற்றப்பட்டவர்களுக்கான எண். உங்கள் கைப்பிழையை மோசடி என்று பதிந்தால் தவறே செய்யாத ஒருவரின் கணக்கு முடங்கலாம். பொய்ப் புகார் கொடுத்ததற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, மறுத்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். கட்டணம் இல்லை. ஆனால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுக்காமல் நேராகப் போனால் தள்ளிவிடுவார்கள். வழக்கறிஞர் மூலம் அனுப்பினாலும், அதே விஷயம் நீதிமன்றத்தில் இருந்தாலும் ஏற்கமாட்டார்கள். “என் பணம் போய்விட்டது” என்று எழுதினால் அது உங்கள் பிழையாகவே படிக்கப்படும். “பெறுநரின் வங்கிக்கு என் கோரிக்கையை அனுப்பவில்லை, பதிலும் தரவில்லை” என்று எழுதுங்கள். அவர்கள் விசாரிப்பது வங்கியின் சேவைக் குறையை மட்டும்தான்.

வங்கி கேட்டும் பெற்றவர் மறுக்கிறார் என்றால், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு. மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் வழக்குப் போடலாம். 8,500 ரூபாய்க்கு வழக்குச் செலவு கட்டுப்படியாகாது என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடும் முன்பே எதிர்த்தரப்பை அழைத்துப் பேசித் தீர்க்கும் வழி அங்கே உண்டு. ஒரு ரூபாய் அனுப்பிய குறிப்பு, முத்திரை வாங்கிய நகல், வங்கியின் பதில் மூன்றையும் கொண்டுபோங்கள்.