குருகு எதைப் பார்த்தது? குறுந்தொகை 25-ஐ வகுப்பில் வாசிப்பது எப்படி

‘நயம் பாராட்டுக’ என்ற வினாவுக்கு எழுதப்படும் விடைகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. அணியின் பெயர் இருக்கும், அதன் இலக்கணம் இருக்கும், உவமை இது, பொருள் இது என்ற பொருத்தமும் இருக்கும். அந்த அணி அந்தப் பாட்டுக்கு என்ன செய்கிறது என்பது மட்டும் இருக்காது. அணியைத் தனியாகவும், தொனியைத் தனியாகவும், மையக்கருத்தைத் தனியாகவும் எழுதிப் பழகியதால் வரும் குறை இது. கபிலரின் இந்த ஐந்தடிப் பாட்டை எடுத்துக்கொண்டால், மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பது தெளிவாகத் தெரியும்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

முதலில் நேர்ப்பொருளை உரைநடையில் எழுதிவிட வேண்டும். அணியைத் தேடுவது அதற்குப் பிறகுதான். “அன்று வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான். தான் சொன்னதை அவன் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அந்த நாளில், தினைத்தாள் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகும் அங்கே இருந்தது.” இந்த இடத்திலேயே இரண்டு பிழைகள் நுழைகின்றன. ‘மணந்த ஞான்று’ என்பதைத் திருமண நாள் என்று எழுதிவிடுவது ஒன்று. இங்கே அது களவில் கூடிய நாள். திருமணம் இன்னும் நடக்கவில்லை என்பதே தலைவியின் கவலை. ‘வரைவு நீட்டித்த இடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது’ என்ற துறைக்குறிப்பும் அதையே சொல்கிறது. மற்றொன்று இன்னும் பெரிய பிழை: ‘தலைவன் ஏமாற்றிவிட்டான்’ என்று எழுதுவது. அதற்குத் தொனியைப் பேசும்போது வருவோம்.

மூன்றாம் அடியில் வெளிப்படையான உவமை இருக்கிறது. தினைத்தாள் உவமானம், குருகின் கால் உவமேயம், ‘அன்ன’ உவம உருபு. பொதுத்தன்மையைக் கேட்டால் பெரும்பாலோர் ‘மெல்லியது’ என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். தொல்காப்பியம் உவமை பிறக்கும் இடங்களாக வினை, பயன், மெய், உரு என நான்கைச் சொல்கிறது. மெய் என்பது வடிவம், உரு என்பது நிறம். கபிலர் ‘சிறு’ என்று வடிவத்தையும் ‘பசு’ என்று நிறத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். ஆகவே பொதுத்தன்மையை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. பாட்டிலேயே அது இருக்கிறது.

அடுத்த கேள்வியில்தான் நயம் பிறக்கிறது. தன் வாழ்க்கையே கேள்விக்குறியாக நிற்கும்போது, ஒரு பறவையின் காலுக்கு உவமை சொல்ல இவளுக்கு என்ன தேவை? இவளுக்குச் சாட்சி வேண்டும். நடந்ததைக் கண்ட மனிதர் ஒருவரும் இல்லை. அந்த நாள் உண்மையில் நடந்தது என்பதற்கு இவளிடம் இருப்பது நினைவு மட்டுமே. கால் எவ்வளவு பருமன், என்ன நிறம், எந்த மீனைப் பார்த்தது, நீர் ஓடியதா நின்றதா என்பது வரை சொல்கிறாள். கண்டவர் கூறும் வாக்குமூலம் இப்படித்தான் நுணுக்கமாக இருக்கும். உவமை இங்கே நினைவின் துல்லியத்தைக் காட்டுகிறது. தினையும் அலங்காரத்துக்காகத் தேடிப் பிடித்த பொருள் இல்லை. குறிஞ்சி நிலத்துப் பெண் நாள்தோறும் காணும் பயிர் அது. அவள் வாயில் இயல்பாக வரும் உவமை.

உருபு இல்லாமல் நிற்கும் ஒப்புமையை அடுத்துப் பார்க்க வேண்டும். குருகு ‘ஆரல் பார்க்கும்’ குருகு. அதன் கண் இரையின் மேல் இருக்கிறது. அருகில் நடந்ததன் மேல் இல்லை. இருந்த ஒரே சாட்சியும் சாட்சியாகப் பயன்படாது. இது வரை பாட்டின் சொற்களே உறுதி தருகின்றன. தன் பசியிலேயே கருத்தாக நிற்கும் குருகைத் தலைவனுக்கே உள்ளுறையாகக் கொள்வது இதற்கு அடுத்த படி. அப்படிக் கொள்ளலாம், கருப்பொருளைக் கொண்டு குறிப்பால் உணர்த்துவது சங்கப் பாடல்களின் வழக்கம்தான். ஆனால் விடையில் எழுதும்போது ‘எனவும் கொள்ளலாம்’ என்று எழுதுங்கள். சொல்லில் உள்ளதையும் குறிப்பால் பெறுவதையும் பிரித்துக் காட்டும் மாணவரின் வாசிப்பு நம்பத்தக்கதாகிறது.

இனி தொனி. ‘சோகத் தொனி’ என்ற இரண்டு சொல் போதாது. எந்தப் பாட்டுக்கும் அதை ஒட்டிவிடலாம். தொனியை இலக்கண உருவங்களில் தேடுங்கள். ‘பொய்ப்பின்’ என்பது நிபந்தனை. பொய்த்தால் என்கிறாள்; பொய்த்தான் என்று சொல்லவில்லை. எனவே இது கைவிடப்பட்டவளின் புலம்பல் ஆகாது. கைவிடப்படுவோமோ என்ற அச்சம் இது. ‘எவன் செய்கோ’ என்ற கேள்விக்குத் தோழியிடமிருந்து விடையை அவள் எதிர்பார்க்கவில்லை. செய்வதற்கு ஏதுமில்லை என்பதே அதன் பொருள். ‘கள்வன்’ என்ற சொல்லில் குற்றச்சாட்டும் இருக்கிறது, உரிமையும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்தால் தொனி குறைந்துபோகும்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். அவனைக் குறிக்கும் ‘தான்’ மூன்று முறை வருகிறது: தானே, தானது, தான் மணந்த. அவளைக் குறிக்கும் ‘யான்’ ஒரே ஒரு முறை, அதுவும் ‘என்ன செய்வேன்’ என்ற இடத்தில் வருகிறது. கூடியதும் அவன் வினை, சொன்னதும் அவன் வினை, பொய்ப்பதும் அவன் கையில். கையறு நிலையை அவள் எங்கும் பெயரிட்டுச் சொல்லவில்லை; எழுவாய்களே சொல்லிவிடுகின்றன. எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் இது.

மையக்கருத்தில் ‘பொய் சொல்லக் கூடாது’ என்று எழுதுவது வழக்கமான வழுக்கல். அது நீதி, பாட்டு யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. கதைச்சுருக்கமும் மையக்கருத்து ஆகாது. ஒரு வாக்கியம் எழுதி, அது ஒவ்வோர் அடிக்கும் பொருந்துகிறதா என்று சோதியுங்கள். ‘சாட்சியற்ற வாக்கை நம்பியவளின் வாழ்வு முழுவதும் வாக்களித்தவனின் நேர்மையை மட்டுமே சார்ந்து நிற்கிறது’ என்று எழுதினால், ‘யாரும் இல்லை’யும் பொருந்தும், ‘பொய்ப்பின்’னும் பொருந்தும், ஆரல் பார்க்கும் குருகும் பொருந்தும். ‘காதலின் சிறப்பு’ என்று எழுதினால் குருகு வெளியே நிற்கும். ஓர் அடியாவது வெளியே நின்றால் வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

‘பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப’ என்ற தொல்காப்பிய நூற்பாவை இங்கே துணைக்கு அழைக்கலாம். களவில் தந்த வாக்குகள் பொய்த்ததால் திருமணச் சடங்கு வகுக்கப்பட்டது என்ற பழைய கருத்து அது. தலைவி எதற்கு அஞ்சுகிறாள் என்பதைப் புரிந்துகொள்ள உதவும். பின்னணியாக ஒரு வரி போதும். அதையே பாட்டின் கருத்தாக எழுதிவிட்டால் தலைவியின் குரல் மறைந்து சமூக வரலாறு மட்டும் எஞ்சும்.

மூன்றையும் இணைத்து ஒரு பத்தி எழுதினால் இப்படி அமையலாம்: “குருகின் காலைத் தினைத்தாளோடு வடிவாலும் நிறத்தாலும் ஒப்பிடும் உவமை, தலைவியின் நினைவு எவ்வளவு துல்லியமானது என்பதைக் காட்டுகிறது. ஆனால் அக்குருகு ‘ஆரல் பார்க்கும்’ குருகாக இருப்பதால் அவளுக்குச் சாட்சியாகாது. ‘பொய்ப்பின்’ என்ற நிபந்தனையும் ‘எவன் செய்கோ’ என்ற வினாவும் அச்சமும் கையறவும் கலந்த தொனியைத் தருகின்றன. சாட்சியில்லாத வாக்கைச் சார்ந்து நிற்கும் பெண்ணின் நிலையே பாட்டின் மையம்.” நான்கு வாக்கியங்கள்தான். முதல் மூன்றும் பாட்டின் சொல்லையோ பொருளையோ பிடித்து நிற்கின்றன. நான்காவது அவற்றின் மேல் எழுகிறது. வரிசையை மாற்றி மையக்கருத்தை முதலில் எழுதலாம், ஆனால் அதைத் தாங்கும் சொற்கள் உடனே பின்னால் வர வேண்டும்.